மிளகாய்க்கு எண் கொடுத்த நாக்குகள் (மைசூர் வழியாக ஒரு சின்ன வரலாறு)

நான் இப்போது இருக்கும் ஊரில் சூப்பர் மார்க்கெட் மிளகாய் சாஸ் புட்டிகளில் காரத்துக்கு எண் போட்டு விற்கிறார்கள். ஒன்றில் 5,000, பக்கத்துப் புட்டியில் 30,000. ஸ்கோவில் அளவு என்று பெயர். பார்த்தால் வெப்பமானி காட்டிய எண் மாதிரி கறாராக இருக்கும். ஆனால் இந்த எண் பிறந்தது மனித நாக்கில். நாக்கு சொன்னதை எப்படி நம்புவது என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்களில் நம் மைசூர்க்காரர்களும் உண்டு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

கதை லைப்சிக்கில் தொடங்குகிறது. எர்ன்ஸ்ட் வெபர் என்ற உடலியல் பேராசிரியர் ஆட்களிடம் எடைகளைத் தூக்கச் சொல்லி, "எது கனம்?" என்று கேட்டார். 1834ல் வெளியிட்ட நூலில் அவர் சொன்னது இதுதான்: கைக்கு வித்தியாசம் தெரிய எத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்பது ஏற்கெனவே கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தூக்கிப் பார்க்கும் எடைக்கு அது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. 400 கிராமில் 10 கிராம் கூடினால் தெரியும். அதே 10 கிராமை 4 கிலோவில் கூட்டினால் தெரியாது, 100 கிராம் வேண்டும். இப்படி 'மட்டுமட்டாகத் தெரிகிற வித்தியாசம்' தான் ஜஸ்ட் நோட்டிசபிள் டிஃபரன்ஸ், சுருக்கமாக ஜே.என்.டி.

நாக்கு கையைவிட மந்தம். இனிப்பில் பத்திலிருந்து இருபது சதவீதம் கூட்டினால்தான் பலருக்கும் வித்தியாசம் தெரியும். ஒரு டம்ளர் காபியில் 10 கிராம் சர்க்கரை இருந்தால் இன்னும் அரை கிராம் போடுவது வீண். 2 கிராம் போட்டால் பெரும்பாலானவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெபருக்குப் பிறகு அதே ஊர் ஃபெக்னர், 1860ல், இதையெல்லாம் அளக்கும் முறைகளை வகுத்துப் புத்தகமாக்கினார். 'சைக்கோஃபிசிக்ஸ்' என்ற துறைப் பெயர் அவர் வைத்தது. அந்த முறைகள்தான் உலகம் பூராவும் உளவியல் ஆய்வுக்கூடங்களுக்கு முதல் பாடமாயின.

இந்தியாவில் கல்கத்தா முந்திக்கொண்டது (1916). மைசூரில் மகாராஜா கல்லூரியில் 1924ல் உளவியல் துறை வந்தது. தொடங்கியவர் எம். வி. கோபாலசாமி, லண்டனில் ஸ்பியர்மனிடம் ஆராய்ச்சி செய்து திரும்பியவர். (1935ல் மைசூரில் தன் வீட்டிலேயே 'ஆகாசவாணி' என்ற சின்ன வானொலி நிலையத்தைத் தொடங்கியவரும் இவரே. அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும்.) எடை தூக்குவது, தோலில் இரண்டு முனைகளை வைத்து ஒன்றா இரண்டா என்று கேட்பது, இவையெல்லாம் இன்றும் நம் கல்லூரிகளில் உளவியல் படிப்பவர்கள் ரெக்கார்ட் நோட்டில் எழுதும் சோதனைகள்தான்.

மைசூரில் இந்த வித்தை கல்லூரிக்கு வெளியிலும் தேவைப்பட்டது. 1950ல் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் (ஊரில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்றால்தான் தெரியும்) திறக்கப்பட்டது. இந்தியா மிளகாயையும், அதிலிருந்து இறக்கும் ஓலியோரெசின் என்ற சாறையும் வெளிநாட்டுக்கு விற்கிற நாடு. வாங்குகிறவன் காரத்துக்குத்தான் காசு கொடுக்கிறான். "சரக்கில் காரம் குறைவு" என்று அவன் சொன்னால் இங்கிருப்பவர் எதைக் காட்டி மறுப்பது?

அப்போது கையில் இருந்த அளவுகோல் ஸ்கோவிலுடையது. டெட்ராய்ட்டில் பார்க் டேவிஸ் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த வில்பர் ஸ்கோவில் 1912ல் சொன்ன வழி ரொம்ப எளிமை. மிளகாய்த் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டு. அந்தச் சாறைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து நாக்கில் வைத்துப் பார். காரம் மெல்லத் தெரிகிற கடைசி எல்லை எதுவோ, அதுவரை எத்தனை மடங்கு நீர்த்திருக்கிறதோ அதுவே காரத்தின் எண். 30,000 என்றால் முப்பதாயிரம் மடங்கு கரைத்த பிறகும் நாக்கு 'ம்' என்கிறது என்று அர்த்தம்.

அதாவது ஸ்கோவில் அளந்தது காரத்தை அல்ல, காரம் உணர்வுக்குள் நுழையும் வாசலை. ஃபெக்னருக்குத் தெரிந்த தொல்லைகள் எல்லாம் இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் தொல்லை, வாசல் ஒரு கோடு அல்ல. ஒரே ஆளிடம் ஒரே கரைசலைப் பத்து முறை கொடுத்தால் ஆறு முறை "தெரிகிறது" என்பார், நாலு முறை "இல்லை" என்பார். ஆகவே பாதித் தடவை கண்டுபிடிக்கிற இடத்தையே வாசல் என்று வைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது தொல்லை, மனசு. படிப்படியாகக் காரம் ஏறுகிறது என்று தெரிந்த ஆள், வருவதற்கு முன்பே "வந்துவிட்டது" என்பார். இன்னொருவர் நன்றாகத் தெரிந்தாலும் உறுதிக்காக ஒரு படி காத்திருப்பார். ஃபெக்னரின் எல்லை முறையில் இதற்கு ஒரு மாற்று உண்டு: ஒருமுறை கீழிருந்து மேலே, அடுத்தமுறை மேலிருந்து கீழே போய், இரண்டுக்கும் சராசரி எடுப்பது. எடைக்கு இது சரிப்படும். மிளகாய்க்கு? காரமானதை முதலில் கொடுத்தால் அதற்குப் பிறகு நாக்கே வேலை செய்யாது. கேப்சைசின் அடுத்தடுத்து விழுந்தால் எரிச்சல் கூடிக்கொண்டே போகும், சில நிமிடம் இடைவெளி விட்டால் மரத்துப்போகும். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். ஆகவே மிளகாயில் கீழிருந்து மேலே மட்டும்தான் போக முடியும்.

இதையெல்லாம் சேர்த்து, யார் செய்தாலும் ஒத்துவரும்படி ஸ்கோவில் சோதனையை ஒழுங்குபடுத்தும் வேலையை சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் வி. எஸ். கோவிந்தராஜன் குழு எடுத்துக்கொண்டது. நரசிம்மன், தன்ராஜ் ஆகியோருடன் சேர்ந்து அவர் தரப்படுத்திய முறை 1977ல் 'ஜர்னல் ஆஃப் ஃபுட் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி'யில் வெளிவந்தது.

சரி, ஒழுங்கான சோதனை எப்படி நடக்கும்? அந்தக் கட்டுரையில் உள்ளதை அப்படியே சொல்லாமல், பொதுவாகச் சுவைக்கூடங்களில் நடப்பதை ஒரு உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை.

ஒரு மிளகாய்ச் சாறை ஐந்து கரைசல்களாக்குகிறோம்: 50,600 மடங்கு, 33,750, 22,500, 15,000, 10,000. கவனியுங்கள், ஒவ்வொரு படியிலும் காரம் ஒன்றரை மடங்காகிறது. ஏன் சமமாக ஐந்தாயிரம் ஐந்தாயிரமாகக் குறைக்கவில்லை? வெபர் சொன்னதுதான் காரணம். நாக்குக்குத் தெரிவது விகிதம். 50,000க்கும் 45,000க்கும் இடையில் அதற்கு ஒன்றுமே தெரியாது. 10,000க்கும் 5,000க்கும் இடையில் காரம் இரட்டிப்பாகிவிடும்.

சுவைப்பவர் தடுப்பு வைத்த சின்ன அறையில் தனியாக உட்காருகிறார். விளக்கு சிவப்பு. நிறம் தெரிந்தால் கண் நாக்குக்குப் பொய் சொல்லிக்கொடுக்கும். நம் பியாடகி மிளகாயை நினைத்துப் பாருங்கள், ரத்தச் சிவப்பு, காரம் சொற்பம்! ஒவ்வொரு படியிலும் மூன்று கிண்ணம், மேலே மூன்று இலக்க எண் மட்டும். இரண்டில் வெறும் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் மிளகாய். "தெரிகிறதா?" என்று கேட்பதே இல்லை. "எது வேறு?" என்றுதான் கேள்வி. தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றில் ஒன்று வேறு என்ற இந்த முக்கோணச் சோதனை 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் உருவானது. பயந்தவர், துணிந்தவர் என்ற பேதம் இதில் போய்விடுகிறது. குருட்டு யோகத்தில் சரியாகச் சொல்வது மூன்றில் ஒரு தடவை என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும், அதைக் கழித்துவிடலாம்.

முதல் சுவைஞர் 50,600ல் தப்பு, 33,750ல் தப்பு, அடுத்த மூன்றும் சரி. மூன்றும் தொடர்ந்து யோகத்தில் சரியாக வர 27ல் ஒரு வாய்ப்புதான். அவருடைய வாசல் கடைசித் தப்புக்கும் அதற்கடுத்த சரிக்கும் நடுவில். இங்கேயும் விகிதம்தான், ஆகவே இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறோம்: சுமார் 27,500. இரண்டாமவர் மந்தம், 15,000லிருந்துதான் பிடிக்கிறார். வாசல் 18,400. மூன்றாமவர் 33,750லேயே பிடித்துவிட்டார், வாசல் 41,300. மூவருக்கும் அதே வழியில் சராசரி எடுத்தால் 27,500. சாதாரணக் கூட்டுச் சராசரி எடுத்திருந்தால் 29,000 வந்திருக்கும், நாக்குக் கூர்மையான ஒருவர் எண்ணை மேலே இழுத்திருப்பார்.

யாராவது 50,600லேயே சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த படியில் தப்பு செய்தால்? முதலில் சொன்னது யோகம் என்று விட்டுவிட வேண்டும். கடைசித் தப்புக்குப் பிறகு வரும் தொடர் மட்டுமே கணக்கு.

இப்போது வியாபாரிகளின் சண்டைக்கு வாருங்கள். விற்றவர் 30,000 என்கிறார், வாங்கியவர் 27,000தான் இருக்கிறது என்று விலையைக் குறைக்கச் சொல்கிறார். நம் சோதனையில் ஒரு படியே ஒன்றரை மடங்கு. மூன்று சுவைஞர்களுக்குள் எண் 18,400லிருந்து 41,300 வரை போயிருக்கிறது. இந்த அளவுகோலை வைத்து அந்த 3,000 வித்தியாசத்துக்குக் காசு பிடிப்பது நியாயமில்லை. ஆள் கூட வேண்டும், படிகள் நெருக்கமாக வேண்டும், ஒரே சரக்கை வேறு நாளில் பெயர் சொல்லாமல் மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். அதே ஆட்கள் அதே சரக்குக்கு வேறு எண் கொடுத்தால் கோளாறு மிளகாயில் இல்லை, மேஜையில் இருக்கிறது.

இன்று பெரிய சரக்குகளுக்கு யாரும் நாக்கை நீட்டுவதில்லை. ஹெச்.பி.எல்.சி. கருவி கேப்சைசின் வகையறாக்கள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்லிவிடும். அதைச் சுமார் 16ஆல் பெருக்கினால் ஸ்கோவில் எண். அந்த 16 எங்கிருந்து வந்தது? சுத்தமான கேப்சைசினை ஒரு கோடியே அறுபது லட்சம் மடங்கு கரைத்தாலும் மட்டுமட்டாகத் தெரிகிறது என்று யாரோ சில பேர் கிண்ணங்களின் முன் உட்கார்ந்து சொன்னதிலிருந்து. கருவிக்குள்ளும் அவர்கள் நாக்குதான் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் மிளகாய் வேண்டாம், சர்க்கரையில் செய்யுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், 2, 4, 8, 16. மூன்று டம்ளர், இரண்டில் வெறும் தண்ணீர். கலக்குகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும், டம்ளரை வைத்துவிட்டு அவர் அறையை விட்டும் போய்விட வேண்டும். முகத்தைப் பார்த்தே விடை கண்டுபிடிக்கும் ஆட்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. உங்கள் வாசல் எத்தனை கிராமில் வந்தது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.