ஒருகொடவத்தையிலிருந்து மாத்தளைக்கு ஒரு பேட்ஜ்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்புப் பிளாஸ்டிக் கூடு, பின்னால் ஒரு கவ்வி, உள்ளே மெல்லிய அட்டை. அந்த அட்டையில் நகக்கண் அளவுகூட இல்லாத பளிங்குத் துண்டுகள். எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவர்கள் இதை ‘டீ.எல்.டீ.’ என்பார்கள், அல்லது வெறுமனே ‘பேட்ஜ்’. மாத்தளை மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றின் அறிவித்தல் பலகையில், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் ஏறுவதற்குக் காரணம் இப்படியொரு பேட்ஜ்தான். பேட்ஜும் அதை அணிந்தவரும் அந்தக் கடிதமும் நான் கட்டிய உதாரணம். அது போகும் வழியும் அதைப் படிக்கும் இயந்திரமும் போடப்படும் கணக்கும் உள்ளவை.

பயணம் கொழும்பில், பேஸ்லைன் வீதி ஒருகொடவத்தையில் தொடங்குகிறது. இலங்கை அணுசக்தி சபை அங்கேதான் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் சட்டத்தில் பிறந்த பழைய அதிகாரசபை, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் இரண்டாகப் பிரிந்தது. சேவை செய்வது ஒரு நிறுவனம், உரிமம் கொடுத்துக் கண்காணிப்பது இன்னொன்று. பேட்ஜை அனுப்புவதும் திரும்பப் பெற்றுப் படிப்பதும் சேவை செய்யும் சபையின் வேலை. அங்கிருந்து பொதி கேகாலை, மாவனல்லை, கடுகண்ணாவை ஏறிக் கண்டிக்கு வந்து, அக்குறணை வழியாக மாத்தளையில் இறங்குகிறது. ரயிலில் வந்தாலும் அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது.

பொதிக்குள் ஆளுக்கொரு பேட்ஜ், அவற்றோடு யார் பெயரும் இல்லாத ஒரு பேட்ஜ். இந்தப் பெயரில்லாததைக் கட்டுப்பாட்டு பேட்ஜ் என்பார்கள். யாரும் அதை அணிவதில்லை. எக்ஸ்ரே அறைக்குத் தூரமான ஒரு மேசை லாச்சியில் கிடந்து, மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சை மட்டும் வாங்கிக்கொள்ளும். மற்ற பேட்ஜ்களின் அளவிலிருந்து இதன் அளவைக் கழித்தால் மீதி வேலையால் வந்தது. இயற்கை அளவு ஊருக்கு ஊர் மாறுவதால், இது அந்தந்த ஊரிலேயே இருக்க வேண்டும். பேருவளைக் கடற்கரையின் மொனசைட் மணலில் தோரியம் உண்டு. 1904இல் சப்ரகமுவப் பகுதியில் ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்த தோரியனைட்டிலும் உண்டு. கலை வரலாற்று ஆசிரியராக நாம் அறிந்த அதே குமாரசுவாமிதான், அப்போது இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குப் பொறுப்பாக இருந்தார். லாச்சியில் இடமில்லை என்று யாராவது கட்டுப்பாட்டு பேட்ஜை எக்ஸ்ரே அறை அலுமாரியில் வைத்துவிட்டால் அதன் கணக்கு ஏறும். ஏறினால் எல்லோரிடமிருந்தும் அதிகமாகக் கழிபடும். உண்மையிலேயே கதிர் வாங்கியவரின் எண்ணும் சுத்தமாகத் தெரியும். ஒருவரின் கவனக்குறைவு அத்தனை பேரின் பதிவையும் பொய்யாக்கும் இடம் இது.

நம் பேட்ஜ் ஒரு ரேடியோகிராபரிடம் போகிறது. சட்டைப்பையின் விளிம்பில், நெஞ்சுக்கு நேராக, ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே அணிய வேண்டும் என்பது முறை. அவருக்கோ குனியும்போதெல்லாம் அது இடறுகிறது. இடுப்புப் பட்டியில் குத்திக்கொண்டார்.

அடுத்த சில வாரங்கள் பளிங்குக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. நம் உதாரணத்தில் உள்ளது லித்தியம் புளோரைடு. வெளிநாட்டுச் சேவைகள் பலவற்றிலும் புழங்கும் வகை. இந்தியாவில் டிஸ்ப்ரோசியம் கலந்த கல்சியம் சல்பேட்டைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டின் குணமும் ஒன்றுதான். கதிர் பட்டால் பளிங்கினுள் இலத்திரன்கள் இடம்பெயர்ந்து, சிறு குழிகளில் விழுந்ததுபோல் சிக்கிக்கொள்ளும். சூடாக்கினால் விடுபட்டு, விடுபடும்போது ஒளி விடும். எவ்வளவு கதிரோ அவ்வளவு ஒளி. 1663இல் ரொபர்ட் பொயில் ஒரு வைரத்தைப் படுக்கைக்கு எடுத்துப்போய், உடம்புச் சூட்டில் அது மினுங்குவதைப் பார்த்து எழுதிவைத்தார். இன்றைய பேட்ஜ் அந்த மினுக்கத்தின் வழிவந்ததே. இதே காரணத்தால் அதற்கு வெயில் ஆகாது. தம்புள்ளை வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்தின் கண்ணாடிக்கடியில் நாள் முழுக்கக் கிடந்தால், ஆழம் குறைந்த குழிகளில் இருந்தவை முன்கூட்டியே கழன்றுவிடும். வாங்கிய கதிரில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகலாம்.

காலம் முடிந்து பேட்ஜ் ஒருகொடவத்தைக்குத் திரும்புகிறது. படிக்கும் இயந்திரம் பளிங்கைச் சில விநாடிகளில் 200 பாகைக்கும் மேல் சூடாக்கி, எழும் ஒளியை எண்ணுகிறது. வெப்பம் ஏற ஏற ஒளி எழுந்து தணிவதை ஒரு வளைகோடாக வரைகிறது. அந்தக் கோட்டின் வடிவத்தைப் பழகியவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்: இது கதிர், இது அழுக்கு என்று. பளிங்கில் எண்ணெய்யோ தூசோ ஒட்டியிருந்தாலும் சூட்டில் ஒளி வரும். ஆனால் கோடு கோணலாக இருக்கும். கோடு ஒழுங்காக இருந்தால் கதிர் பட்டது உண்மை. அந்தக் கதிர் மனிதர்மேலும் பட்டதா என்பது வேறு கேள்வி, அதற்கு இயந்திரத்திடம் பதில் இல்லை. திரும்பப் படித்துப் பார்க்கவும் வழியில்லை. சூடாக்கியதோடு குழிகள் காலியாகிவிடும்.

நம் பேட்ஜின் கோடு ஒழுங்காகவே இருந்தது. எண்: 8.6 மில்லிசீவெர்ட். வழக்கமாக அவருக்கு வருவது 0.1ஐக்கூடத் தொடாது. தொழிலில் ஈடுபடுவோருக்கான சர்வதேச வரம்பு, 5 ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. அதை இது தாண்டவில்லை. உடம்புக்கு உடனடித் தீங்கும் இல்லை. இரத்தம் எடுத்துக் குரோமோசோமைப் பார்த்தாலும் தெரியாது, அந்தச் சோதனை கண்டுபிடிக்க ஏறக்குறைய 100 வேண்டும். ஆனால் ஒரு காலப்பகுதியில் எண்பது மடங்குக்கு மேல் ஏறிய எண்ணைக் கோப்பில் குத்திவிட்டு இருக்க முடியாது.

அதிகாரி முதலில் செய்தது ஒரு கணக்கு. நோயாளியின்மேல் படும் எக்ஸ்ரேயில், 1 மீற்றர் தூரத்துக்குச் சிதறி வருவது தோராயமாக ஆயிரத்தில் ஒரு பங்கு. வயிற்றுக்கு ஒரு படம் எடுக்கும்போது நோயாளியின் தோலில் 5 மில்லிகிரே அளவு படும் என்று கொண்டால், அருகில் பாதுகாப்பே இல்லாமல் நிற்பவருக்கு 0.005. 8.6ஐ அதால் வகுத்தால் 1,700க்கு மேல். அதாவது மறைப்புக்குப் பின்னால் ஒரு தடவையும் போகாமல், நோயாளிக்குப் பக்கத்திலேயே நின்று, அந்தச் சில வாரங்களில் ஆயிரத்தெழுநூறு வயிற்றுப் படங்கள் எடுத்திருக்க வேண்டும். நெஞ்சுப் படமென்றால் பல பத்தாயிரம். வேலைப் பதிவேட்டில் அதில் ஒரு துளிகூட இல்லை. ஆக, சிதறிய கதிர் அல்ல, நேர்க்கற்றை. நேர்க்கற்றை என்றால் ஓரிரு படங்கள் போதும்.

அல்லது சத்திரசிகிச்சைக்கூடம். எலும்பு பொருத்தும்போது ஓடும் சீ-ஆர்ம் இயந்திரத்தருகே, ஏப்ரனுக்கு வெளியே பேட்ஜைக் குத்தியிருந்தால் எண் பெருகும். ஈயம் தடுப்பது தொண்ணூறு வீதத்துக்கும் மேல் என்பதால், உள்ளே இருந்த உடம்புக்கு அதில் சிறு பங்குதான் போயிருக்கும். பணிப்பட்டியலைப் பார்த்தார். அந்தக் காலத்தில் ரேடியோகிராபர் ஒரு நாளும் கூடத்துக்குப் போகவில்லை.

பிறகு அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். இங்கே அதிகாரி எப்படிக் கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “பேட்ஜை எங்கே விட்டீர்?” என்று தொடங்கினால் “எங்கேயும் விடவில்லை சேர்” என்ற ஒரே பதிலோடு கதை முடியும். “இந்த நாட்களில் உங்களுக்குச் சுகமில்லாமல் ஏதாவது படம் எடுத்தீர்களா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்து, “ஓம் சேர், ஒரு நாள் இரவு ட்யூட்டியில் கல்லுக் குத்து. தம்பிதான் ஸ்கேன் எடுத்துவிட்டார்” என்றார்.

சிறுநீரகக் கல்லுக்கான சீ.டீ. ஸ்கேனில் உடம்பு வாங்கும் அளவு சாதாரணமாக 10 மில்லிகிரேயை ஒட்டி வரும். எண் பொருந்துகிறது. பொருந்துவது மட்டும் ஆதாரம் ஆகாது. அதிகாரி கணினியில் சேமித்திருந்த அந்த இரவின் படத்தைத் திறந்தார். ஸ்கேனுக்கு முன் எடுக்கும் நெடும்படத்தில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, வலப்பக்கம் ஒரு கவ்வி. அதை ஒட்டி அட்டையின் நீள்சதுரம், அதில் வடிகட்டித் துண்டுகளின் நிழல். வலியில் துடித்தவருக்கும் நினைவில்லை, அவசரத்தில் எடுத்த தம்பிக்கும் கண்ணில் படவில்லை. பேட்ஜ் தன்னைத்தானே படம் பிடித்துக்கொடுத்திருந்தது.

நோயாளியாக வாங்கிய கதிர் தொழிற்கணக்கில் சேராது. ஆனாலும் எண்ணை அதிகாரியே அழித்துவிட முடியாது. படத்தின் பிரதியும் விளக்கமும் போய், சேவை நிறுவனமும் ஒழுங்குபடுத்தும் நிறுவனமும் ஏற்ற பிறகே பதிவு திருத்தப்படும். அதுவரை 8.6 அவர் பெயரில்தான் நிற்கும்.

இதற்குப் பிறகுதான் கடிதம். பெயர் சொல்லாமல் நடந்ததை நான்கு வரியில் எழுதிவிட்டு, விதிகளுக்கு வருகிறார். நெஞ்சில், ஏப்ரனுக்குள்ளே, எழுத்துப் பக்கம் வெளியே தெரிய. தானே மேசையில் படுக்க நேர்ந்தால் பேட்ஜைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டே படுப்பது. படம் எடுப்பவரும் அதைக் கேட்டுவிட்டே பொத்தானை அழுத்துவது. வேலை முடிந்தால் அலுவலகத் தட்டில், கட்டுப்பாட்டு பேட்ஜின் பக்கத்தில். வீட்டுக்குக் கொண்டுபோவது, சட்டையோடு துவைப்பது, அறைக் கொளுவியில் தொங்கவிடுவது, இரவல் கொடுப்பது, நான்கும் கூடாது. திரும்ப அனுப்பும் தேதியைத் தவறவிடக்கூடாது. பிந்திய பேட்ஜில் இரண்டு காலப்பகுதியின் கதிர் ஒன்றாகக் கலந்துவிடும், எது எப்போது பட்டதென்று பிரிக்க முடியாது. ஒரு காலப்பகுதியில் 1 மில்லிசீவெர்ட் தாண்டினால் விசாரணை என்று ஒரு கோடும் போட்டிருக்கிறார். அது சட்டத்தின் வரம்பல்ல, அவர் தன் வைத்தியசாலைக்கு வைத்துக்கொண்டது.

எனக்கு அந்தக் கடிதத்தில் முக்கியமாகப் படுவது கடைசிப் பத்தி. எண் கூடியதற்காக யாருக்கும் தண்டனை இல்லை என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் கண்டிப்பான கடிதத்தில் இந்த வரி ஒட்டாததுபோல் இருக்கும். ஆனால் எண்ணுக்குத் தண்டனை என்று வந்துவிட்டால், அடுத்த காலப்பகுதியில் எல்லோருடைய பேட்ஜும் லாச்சிக்குள் பத்திரமாக இருக்கும். அறிக்கை முழுக்கப் பூச்சியமாக வரும். சீ-ஆர்ம் அருகே மணிக்கணக்காக நிற்பவரின் பெயருக்கு நேரேயும் பூச்சியம். அந்தப் பூச்சியம் 8.6ஐவிட ஆபத்தானது, ஏனென்றால் அதை யாரும் விசாரிப்பதில்லை.

பேட்ஜுக்குள் இருந்த அட்டையைச் சபையில் மீண்டும் சூடாக்கி, மிச்சம் மீதியும் இல்லாமல் துடைத்தார்கள். அது இன்னொரு பொதியில் இன்னொருவர் பெயருக்குப் போய்விட்டது. மாத்தளையில் கடிதம் பலகையில் ஏறிய அன்று, அதிகாரி அதே அறிக்கையை மறுபடி எடுத்து, சத்திரசிகிச்சைக்கூடத்தில் வேலை பார்த்தும் பூச்சியம் வந்திருந்த இருவரைக் கூப்பிட்டனுப்பினார்.