இசிஜி தாளின் புகைப்படத்தைப் படிப்பது எப்படி? அலைகளும் இடைவெளிகளும் உணர்த்துவது என்ன?

சிறிய ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எடுக்கப்படும் இசிஜி பதிவுகள் கைப்பேசியில் படம்பிடிக்கப்பட்டு, நகரங்களில் உள்ள இருதய மருத்துவர்களுக்கு அனுப்பப்படுவது நாட்டின் பல பகுதிகளில் வழக்கமாகிவிட்டது. கர்நாடக மாநிலம் மங்களூருவில் இருதய மருத்துவர் பத்மநாப காமத் தொடங்கிய திட்டம் வாட்ஸ்ஆப் குழுக்கள் வழியாகவே இப்பணியைச் செய்து வருகிறது. செவிலியர் மாணவர்களும் முதலாண்டு மருத்துவ மாணவர்களும் இசிஜியை முதன்முதலாகப் பார்ப்பதும் பெரும்பாலும் இத்தகைய படங்களில்தான். அவற்றில் காணப்படும் கோடுகளைப் புரிந்துகொள்ளும் முறையை இத்தொகுப்பு விளக்குகிறது.

கட்டங்களே கடிகாரம்

இசிஜி தாளில் இடமிருந்து வலமாகச் செல்வது நேரம். மேலும் கீழுமாகச் செல்வது மின்னழுத்தம். இந்தியாவில் பொதுவாகத் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். அந்த வேகத்தில், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய கட்டம் 0.04 நொடியைக் குறிக்கும். ஐந்து சிறிய கட்டங்கள் கொண்ட பெரிய கட்டம் 0.2 நொடி, ஐந்து பெரிய கட்டங்கள் ஒரு நொடி. உயரத்தில் பத்து சிறிய கட்டங்கள் ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சமம்.

புகைப்படத்தைத் திரையில் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் மில்லிமீட்டர் அளவு மாறிவிடும். ஆனால், அலையுடன் சேர்ந்து கட்டமும் அதே விகிதத்தில் மாறுவதால் கட்டங்களின் எண்ணிக்கை மாறாது. எனவே, படத்தின் மீது அளவுகோலை வைக்காமல் கட்டங்களை எண்ண வேண்டும். சாய்வாக எடுக்கப்பட்ட படத்தில் ஒரு முனையின் கட்டங்கள் மறுமுனையைவிடச் சிறியதாகத் தோன்றும். அப்போது அந்தந்த அலைக்கு நேர் கீழே உள்ள கட்டங்களையே எண்ண வேண்டும்.

அலைகளின் பொருள்

பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்களைச் சூட்டியவர், 1924-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற நெதர்லாந்து விஞ்ஞானி வில்லெம் ஐந்தோவன். இவ்வெழுத்துகள் எந்தச் சொல்லின் சுருக்கமும் அல்ல. வரிசையைக் குறிக்கும் அடையாளங்கள் மட்டுமே.

முதலில் தோன்றும் சிறிய, வட்டமான மேடு பி அலை. வலது மேலறையில் உள்ள இயற்கை மின்முனையில் பிறக்கும் தூண்டல், இரு மேலறைகளிலும் பரவுவதை இது காட்டுகிறது. அடுத்து வரும் கூர்மையான, உயரமான வடிவம் க்யூஆர்எஸ். இது மின்தூண்டல் கீழறைகளில் பரவும் நேரம். கீழறைகள் அளவில் பெரியவை என்பதால் அலை உயரமாகிறது. தூண்டலைக் கடத்தும் தனி இழைகள் விரைந்து செயல்படுவதால் குறுகலாகிறது. அதன் பின்னர் வரும் அகன்ற மேடு டி அலை. அடுத்த துடிப்புக்காகக் கீழறைத் தசைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதை அது குறிக்கிறது. மேலறைகள் இவ்வாறு திரும்பும் அலை மிகச் சிறியது. க்யூஆர்எஸ் வடிவத்தில் அது மறைந்துவிடுவதால் தனியே தென்படுவதில்லை.

இடைவெளிகளின் பொருள்

பிஆர் இடைவெளி என்பது பி அலையின் தொடக்கத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை உள்ள நேரம். பெயரைப் பார்த்து ஆர் அலையின் உச்சி வரை அளப்பது தொடக்க மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி கணு, தூண்டலைச் சற்றே தாமதப்படுத்தி அனுப்புகிறது. மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ள அத்தாமதம் அவகாசம் தருகிறது. பெரியவர்களுக்கு இந்த இடைவெளி மூன்று முதல் ஐந்து சிறிய கட்டங்கள் வரை, அதாவது 0.12 முதல் 0.20 நொடி வரை இருப்பது இயல்பு.

க்யூஆர்எஸ் அகலம் மூன்று சிறிய கட்டங்களுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் அகன்றால், தூண்டல் வழக்கமான பாதையை விட்டு மெதுவாகப் பரவுகிறது என்று பொருள். க்யூடி இடைவெளி, க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரை அளக்கப்படுகிறது. துடிப்பு வேகமானால் இது குறுகும் என்பதால், தனியே பார்க்காமல் துடிப்பு வேகத்துடன் சேர்த்தே மதிப்பிட வேண்டும். இரண்டு ஆர் அலைகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஒரு முழுத் துடிப்பின் நேரத்தைத் தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு படத்தில் ஆர் அலைகளுக்கு இடையே நான்கு பெரிய கட்டங்கள் சீராக உள்ளன எனக் கொள்வோம். ஒரு நிமிடத்தில் 300 பெரிய கட்டங்கள் கடப்பதால், 300-ஐ நான்கால் வகுக்க, துடிப்பு நிமிடத்துக்கு 75. க்யூஆர்எஸ் அகலம் இரண்டரை சிறிய கட்டங்கள், அதாவது 0.10 நொடி, இது இயல்பானது. பிஆர் இடைவெளி ஏழு சிறிய கட்டங்கள், அதாவது 0.28 நொடி, இது இயல்பைவிட நீண்டது.

அடுத்து, எல்லாத் துடிப்புகளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பி அலைக்குப் பின்னும் க்யூஆர்எஸ் தவறாமல் வந்து, இடைவெளியும் ஏழு கட்டங்களாகவே நீடித்தால், அது முதல்நிலை ஏவி தடை எனப்படும். தூண்டல் தாமதமாகிறது, ஆனால், எதுவும் தவறிப் போகவில்லை. இடைவெளி படிப்படியாக நீண்டு, பிறகு ஒரு பி அலை க்யூஆர்எஸ் இன்றித் தனித்து நின்றால், அது இரண்டாம் நிலையைச் சேர்ந்தது.

முதல்நிலைத் தடை பெரும்பாலும் அறிகுறி எதையும் தருவதில்லை. முதுமையாலும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் போன்ற மருந்துகளாலும் இது ஏற்படலாம். எனினும், காய்ச்சலும் மூட்டுவலியும் உள்ள சிறுவரிடம் பிஆர் நீண்டிருந்தால் அதை ஒதுக்கிவிடக் கூடாது. இருதய வால்வுகளைப் பாதிக்கும் வாதக் காய்ச்சலைக் கண்டறியும் ஜோன்ஸ் அளவுகோலில் இதுவும் ஒரு துணை அறிகுறி.

வெட்டப்பட்ட விளிம்பு

இக்கணக்கு முழுவதும் தாளின் வேகம் 25 மில்லிமீட்டர் என்பதையே நம்பியுள்ளது. கருவியை 50 மில்லிமீட்டர் வேகத்திலும் இயக்க முடியும். அப்போது சிறிய கட்டம் 0.02 நொடியாகிவிடும். அதே படத்தில் துடிப்பு 150. பிஆர் இடைவெளி 0.14 நொடி. தடையுடன் கூடிய இயல்பான துடிப்பு எனக் கருதப்பட்டது, தடையே இல்லாத மிகை வேகத் துடிப்பாக மாறிவிடுகிறது.

தாளின் விளிம்பில் அச்சாகும் '25 mm/s', '10 mm/mV' என்ற குறிப்புகளே இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றன. அலைகள் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டி அனுப்பினால் இவை காணாமல் போகின்றன. அந்நிலையில் நோயாளியின் நாடியை ஒரு நிமிடம் எண்ணச் சொல்வது எளிய சரிபார்ப்பு: 75 ஆ, 150 ஆ என்பது உடனே தெரிந்துவிடும். கைப்பேசியின் ஃபிளாஷ் வெளிச்சம் பளபளப்பான தாளில் பட்டால், உயரம் குறைந்த பி அலையே முதலில் மறையும் என்பதால், ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து படமெடுப்பது நல்லது.

ஒற்றை வரியில் அமைந்த பதிவு துடிப்பின் வேகத்தையும் ஒழுங்கையும் மட்டுமே நம்பகமாகக் காட்டும். அது இயல்பாக இருப்பதால் மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்ய இயலாது. நெஞ்சுவலியுடன் வருபவருக்கு 12 கோணங்களில் எடுக்கப்படும் முழு இசிஜியும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் கட்டாயம் தேவை.