முடிவும் யோசனையும்: 1947இல் ஒரு துணைக்குழு

பொது சிவில் சட்டம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வருகின்றன. ‘அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அனைவரும் இதை ஒப்புக்கொண்டார்கள்’ என்பது ஒன்று. ‘அன்றைய பெண் உறுப்பினர்களே பெண்களுக்காக இதைக் கேட்டார்கள்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி எங்கே தொலைந்தது என்பதை அறிய, 1947 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு சிறிய குழு விட்டுச்சென்ற காகிதங்களை வரிசைப்படி படிக்க வேண்டும். அந்தக் குழுவில் எது முடிவானது, எது யோசனையாக மட்டும் நின்றது என்று பிரித்துப் பார்க்காமல், பெண்கள் அங்கே என்ன சாதித்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்ல முடியாது.

அரசியல் நிர்ணய சபை 1947 ஜனவரியில் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் வல்லபாய் படேல். அந்தக் குழு, அடிப்படை உரிமைகளை வரையறுக்கும் வேலையை ஜே. பி. கிருபளானி தலைமையிலான துணைக்குழுவிடம் ஒப்படைத்தது. அம்பேத்கர், கே. எம். முன்ஷி, மினூ மசானி, சென்னையின் சட்ட வல்லுநர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் முதலியோர் அதில் இருந்தார்கள். பெண்கள் இருவர்: அம்ரித் கௌர், ஹன்சா மேத்தா. அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோர் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து உறுப்பினர்களாக இருந்தபோதும், இந்தத் துணைக்குழுவில் இடம்பெறவில்லை.

இதன் படிநிலையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். துணைக்குழு ஆலோசனைக் குழுவுக்குப் பரிந்துரைக்கும், ஆலோசனைக் குழு சபைக்குப் பரிந்துரைக்கும், சபைதான் முடிவெடுக்கும். ஆகவே துணைக்குழுவில் ‘முடிவு’ என்று எழுதப்பட்டதுகூட அடுத்த படியில் வெறும் பரிந்துரைதான். பிற்காலத்தில் மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள்.

துணைக்குழு உரிமைகளை இரண்டு பகுதிகளாகப் பிரித்தது. முதல் பகுதியில் இருப்பவை மீறப்பட்டால் நீதிமன்றம் போகலாம். இரண்டாம் பகுதியில் இருப்பவை அரசுக்கான வழிகாட்டு நெறிகள். அவற்றைக் காட்டி வழக்குப் போட முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் என்பதை முதல் பகுதியில் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை மார்ச் இறுதியில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது தோற்றது. அதன்பின் அது இரண்டாம் பகுதியில், எட்ட வேண்டிய ஓர் இலக்காகச் சேர்க்கப்பட்டது.

இங்கே உறுதியாக ஒப்புக்கொள்ளப்பட்டது எது? ஒரே சிவில் சட்டம் நல்ல இலக்கு என்பதும், அதை நீதிமன்றத்தில் கேட்கத்தக்க உரிமையாக வைப்பதில்லை என்பதும்தான். இவை இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறவர் ‘அனைவரும் ஒப்புக்கொண்டார்கள்’ என்கிறார். இரண்டாம் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறவர் ‘நிராகரித்துவிட்டார்கள்’ என்கிறார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிளந்துநின்ற குழுவை இரண்டு வாக்கியங்களுமே மறைத்துவிடுகின்றன.

தோற்ற தரப்பு பேசாமல் இருந்துவிடவில்லை. மசானி, ஹன்சா மேத்தா, அம்ரித் கௌர் மூவரும் ஏப்ரல் 14 அன்று மாற்றுக் கருத்துக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். பெரும்பான்மையினர் இதை இறுதி இலக்காக மட்டும் ஏற்றது தங்களுக்கு நிறைவளிக்கவில்லை என்றார்கள். பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி என்று காலவரம்பு வைத்தது போல, ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குள் சிவில் சட்டத்துக்கும் உறுதி தர வேண்டும் என்றார்கள். இந்தப் பிரிவை இரண்டாம் பகுதியிலிருந்து முதல் பகுதிக்கு மாற்றும்படி ஆலோசனைக் குழுவுக்கு யோசனை சொன்னார்கள்.

இந்தக் குறிப்பைத்தான் இன்று ‘பெண் உறுப்பினர்களின் கோரிக்கை’ என்று எடுத்துக்காட்டுகிறார்கள். அதை நிதானமாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். முதலாவது, அது மூன்று பேரின் யோசனை. குழுவின் முடிவு அல்ல. அந்த யோசனை ஏற்கப்படவும் இல்லை. அவர்கள் முன்மாதிரியாகக் காட்டிய கல்விப் பிரிவே அடுத்த வாரம் ஆலோசனைக் குழுவில் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து இறக்கப்பட்டது. இரண்டாவது, அவர்கள் சொன்ன காரணம். மதத்தின் அடிப்படையிலான தனிநபர் சட்டங்கள் மக்களைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துவைக்கின்றன, நாடு ஒரே தேசமாக வளர்வதற்கு அவை தடை என்பதே அந்தப் பத்தியின் வாதம். பெண்களின் சமத்துவம் அங்கே காரணமாகச் சொல்லப்படவில்லை. கையெழுத்திட்டவர்களில் இருவர் பெண்கள் என்பதால் காரணத்தையும் நாமே ஊகித்துச் சேர்த்துவிடக் கூடாது.

அப்படியானால் பெண்களுக்கான வாதம் எங்கே இருக்கிறது? அது வேறொரு காகிதத்தில், வேறொரு பிரிவைப் பற்றி இருக்கிறது. அங்கே கிடைத்த முடிவும் வேறு.

மதச் சுதந்திரம் பற்றிய பிரிவின் வரைவில், மதத்தைச் சுதந்திரமாகக் கடைப்பிடிக்கும் உரிமை என்ற சொல் வந்தது. அம்ரித் கௌர் மார்ச் 31 அன்று சபையின் சட்ட ஆலோசகர் பி. என். ராவுக்கு எழுதிய கடிதத்தில் இதை எதிர்த்தார். ஹன்சா மேத்தாவின் கருத்தும் அதுவே. மதத்தின் பெயரால் நடக்கும் வழக்கங்களை அந்தக் கடிதம் வரிசைப்படுத்துகிறது: பர்தா, குழந்தைமணம், பலதார மணம், சமமற்ற சொத்துரிமை, கலப்புமணத் தடை, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவது. கடைப்பிடிக்கும் உரிமை என்று எழுதிவிட்டால், இவற்றை ஒழிக்க இனிமேல் சட்டம் கொண்டுவர முடியாமல் போகும். விதவை மறுமணச் சட்டம், சாரதா சட்டம் போல ஏற்கெனவே கிடைத்தவையும் செல்லாமல் போகலாம் என்பது அவர்களுடைய அச்சம். ‘கடைப்பிடித்தல்’ வேண்டாம், ‘வழிபாடு’ என்ற குறுகிய சொல் போதும் என்றார்கள். அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் ஏப்ரல் தொடக்கத்தில் எழுதிய குறிப்பில் இந்த அச்சத்தை ஆதரித்தார்.

இங்கே யோசனையையும் முடிவையும் பிரிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. அவர்கள் கேட்டதில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று சொல்: ‘வழிபாடு’ என்று மாற்ற வேண்டும். மற்றொன்று பாதுகாப்பு: சமூகச் சீர்திருத்தச் சட்டங்களை மதச் சுதந்திரம் தடுக்கக் கூடாது. கடைசியில் சொல் நிலைக்கவில்லை. ஆலோசனைக் குழுவின் ஏப்ரல் 23 தேதியிட்ட இடைக்கால அறிக்கையில் ‘கடைப்பிடித்தல்’ இருந்தது. இன்றைய 25ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு நிலைத்தது. மதத்தைக் கடைப்பிடிக்கும் சுதந்திரம், சமூக நலனுக்காகவும் சீர்திருத்தத்துக்காகவும் அரசு சட்டமியற்றுவதைத் தடுக்காது என்ற விளக்கம் அதே அறிக்கையில் சேர்ந்தது. சபையின் ஒப்புதலையும் பெற்று, பிறகு 25(2)(ஆ) பிரிவானது.

சொல்லை மட்டும் பார்த்தால் அம்ரித் கௌரும் ஹன்சா மேத்தாவும் தோற்றவர்கள். பிரிவின் இறுதி வடிவத்தைப் பார்த்தால் வென்றவர்கள். அந்த வெற்றி ஏட்டோடு நிற்கவும் இல்லை. சென்னை மாகாணத்தின் 1949ஆம் ஆண்டு இந்து இருதார மணத் தடை மற்றும் மணமுறிவுச் சட்டம் மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று வழக்கு வந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுகள் போராடி 1947இல் சட்டமாகக் கண்ட பொட்டுக்கட்டுத் தடையும் இதே பாதுகாப்பின் நிழலில்தான் நிற்கிறது.

‘கொள்கையளவில் ஒப்புதல்’ என்ற இன்னொரு வகையும் அந்தக் காகிதங்களில் உண்டு. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்பதை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் துணைக்குழு பரிந்துரைத்தது. ஆலோசனைக் குழு அதைக் கொள்கையளவில் ஏற்பதாகவும், ஆனால் அரசியல் சட்டத்தின் வேறொரு பகுதியில் வைக்கலாம் என்றும் சொன்னது. அது பட்டியலிலிருந்து வெளியேறியது. ஆனால் 326ஆம் பிரிவாகி, 1951-52 பொதுத்தேர்தலில் சொத்து, படிப்பு என்ற நிபந்தனை இல்லாமல் பெண்கள் வாக்களித்தார்கள். சிவில் சட்டமும் கொள்கையளவில் ஏற்கப்பட்டதுதான். 1948 நவம்பர் 23 அன்று சபையில் அது விவாதத்துக்கு வந்தபோது, சென்னையிலிருந்து சென்ற முகமது இஸ்மாயில் போன்றோர் தனிநபர் சட்டங்களுக்கு விலக்குக் கேட்டுத் திருத்தங்கள் கொடுத்தார்கள். அவை ஏற்கப்படவில்லை. ஆனால் பதிலளித்த அம்பேத்கர், அரசு முயல வேண்டும் என்று மட்டுமே பிரிவு சொல்கிறது, எல்லோர்மீதும் உடனே திணிப்பதாகச் சொல்லவில்லை என்றார். விரும்பி ஏற்பவர்களிடமிருந்து தொடங்கும் வழியையும் ஒரு சாத்தியமாகச் சொன்னார். அந்த வழியும் ஒரு யோசனைதான்; 44ஆம் பிரிவின் வாசகத்தில் அது இல்லை.

ஒரே மாதிரியான ‘கொள்கையளவில்’ என்ற சொல் ஓரிடத்தில் வாக்குச்சீட்டாகவும் மற்றோரிடத்தில் முடிவில்லாத விவாதமாகவும் ஆனது. வேறுபாடு அந்தச் சொல்லில் இல்லை. அதைத் தொடர்ந்து, யார், எந்தக் கட்டாயத்துடன், எங்கே நிறைவேற்ற வேண்டும் என்று எழுதப்பட்டதா என்பதில் இருக்கிறது.

இவையெல்லாம் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்தக் குழுவின் வரைவுகளும் கடிதங்களும் நடவடிக்கைக் குறிப்புகளும் காப்பாற்றப்பட்டு, பின்னர் பி. சிவராவ் தொகுத்த பெருந்தொகுதிகளில் அச்சானதுதான். அவற்றைப் படிக்கும் மாணவி மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டால் போதும். இந்த வரியைச் சொல்வது குழுவா, உறுப்பினரா? இதே வரி அடுத்த வரைவில் இருக்கிறதா, மாறியிருக்கிறதா, காணாமல் போயிருக்கிறதா? இதைச் சொன்ன குழுவுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருந்ததா, பரிந்துரைக்க மட்டுமா?

இதே கேள்விகள் பெண்ணாடம் பேரூராட்சியின் தீர்மானப் புத்தகத்துக்கும், ஒரு சுயஉதவிக் குழுவின் நோட்டுக்கும் பொருந்தும். ‘தீர்மானிக்கப்பட்டது’ என்பதும் ‘உறுப்பினர் கேட்டுக்கொண்டார்’ என்பதும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். பெண் உறுப்பினர் எழுப்பிய விஷயம் பெரும்பாலும் இரண்டாவது வாக்கியமாகத்தான் பதிவாகும். சில நேரம் பதிவாகாமலே போகும். அம்ரித் கௌர் கூட்டத்தில் சொன்னதோடு நில்லாமல் கடிதமாகவும் எழுதினார். ஹன்சா மேத்தா தோற்ற கருத்தின் கீழே கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்து இல்லையென்றால், ஐந்துக்கு நான்கு என்று பிரிந்த ஒரு குழுவை ஏகமனதான குழு என்றே நாம் இன்றும் நம்பிக்கொண்டிருப்போம்.