இருப்பதைச் சொல்லும் பட்டியல், விலக்கியதையும் சொல்லும் பட்டியல்

அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். பத்து நாளில் அறுவை சிகிச்சை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. எந்த மருத்துவமனையில் சேர்த்தால் முன்பணம் கட்டாமல் கேஷ்லெஸ் கிடைக்கும் என்று மகன் செல்போனில் தேடுகிறார். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் பாலிசி விற்கும் ஏஜென்ட் தளங்கள்தான். காப்பீட்டு நிறுவனத்தின் சொந்தப் பக்கம் அவற்றுக்குக் கீழே எங்கோ இருக்கும்.

இரண்டிலும் மருத்துவமனைப் பட்டியல் உண்டு. பார்வைக்கு ஏஜென்ட் தளமே மேல். நிறுவனத்தின் பெயரைத் தொட்டால் ஊர் வாரியாகப் பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று ஒரே பக்கத்தில் விரிந்துவிடும். பாலிசி வாங்குவதற்கு முன், நாலு நிறுவனங்களில் எது நம் பக்கத்து மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று பார்க்க அது உதவும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல் எப்போதோ எடுத்த நகல். எந்தத் தேதியில் எடுத்தது என்று பெரும்பாலும் போட்டிருக்காது. மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் காலாவதியாகும், கட்டணத் தகராறில் நிறுத்தி வைக்கப்படும், புதுப்பிக்கப்படும். மூலத்தில் பெயர் நீங்கினாலும் நகலில் அப்படியே நிற்கும். நம் செல் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டியலைக் காட்டும் தளங்களும் உண்டு. அங்கே பட்டியல் வெறும் தூண்டில்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் தளம் காட்டுவது ‘இங்கெல்லாம் போகலாம்’ என்ற பட்டியலை மட்டும். நிறுவனத்தின் பக்கத்திலோ ‘இங்கே போகாதீர்கள்’ என்ற பட்டியலும் இருக்கும். பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியைப் புரட்டினால் Excl11 என்ற குறியீட்டோடு ஒரு விதி வரும். இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகம். நிறுவனம் விலக்கி, தன் இணையதளத்தில் அறிவித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் செலவைத் தர மாட்டார்கள் என்பது அதன் சாரம். உயிருக்கு ஆபத்தான நிலை, விபத்து என்றால் மட்டும் நோயாளியின் நிலை சீராகும் வரையிலான செலவு கிடைக்கும். ஒப்பந்தம் இல்லாத சாதாரண மருத்துவமனை என்றால் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்து வாங்கலாம். விலக்கப்பட்டது என்றால் அந்த வழியும் அடைபடும். அதனால் நான் முதலில் தேடச் சொல்வது Excluded Providers அல்லது Excluded Hospitals என்ற தலைப்பைத்தான்.

அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போகும் முகவரியைத் தேடுபொறியில் தேட வேண்டியதில்லை. பாலிசியின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். சந்தேகம் இருந்தால் irdai.gov.in தளத்தில் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியலோடு ஒப்பிடலாம். அதே தாளிலோ காப்பீட்டு அட்டையிலோ டிபிஏ என்று ஒரு பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிபிஏ என்பது நிறுவனத்தின் சார்பில் கிளெய்ம்களைக் கவனிக்கும் இடைநிலை அமைப்பு. பொதுத்துறை நிறுவனங்களில் இது வழக்கம். சில தனியார் நிறுவனங்கள் தாங்களே கவனித்துக்கொள்கின்றன. டிபிஏ இருந்தால் அந்த டிபிஏவின் பக்கத்திலும் நம் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துத்தான் தேட வேண்டும். ஒரே நிறுவனத்தின் பாலிசி வைத்திருக்கும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வேறு டிபிஏக்கள் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த கேஷ்லெஸ் நமக்கும் கிடைக்கும் என்று நம்பிப் போய் ஏமாறுவது இங்கேதான்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். அரியாங்குப்பத்தின் அஞ்சல் குறியீடு 605007. பின்கோடு கேட்கும் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டு, அம்மாவைக் காட்டிய மருத்துவமனை வரவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கடலூர் சாலையில் தெற்கே போனால் வரும் பாகூர் கொம்யூன் புதுச்சேரி ஆட்சிப்பரப்பில் இருந்தாலும் அதன் பின்கோடு 607402. கடலூர்ப் பக்கத்து எண்வரிசை அது. அந்தச் சாலையில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் 605 என்ற தேடலில் சிக்காமல் போகலாம். வடக்கே கோட்டக்குப்பம் இதற்கு நேர் எதிர்: பின்கோடு 605104, ஆனால் ஊர் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில். மாநிலப் பெட்டியில் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்தால் அது வராது.

பெயரின் எழுத்தும் படுத்தும். 2006இல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆன பிறகும் பல பட்டியல்களில் பழைய பெயரே இருக்கிறது. ஆகவே Puducherry என்று ஒரு முறை, Pondicherry என்று ஒரு முறை, பிறகு தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து Cuddalore என்று ஒரு முறை தேட வேண்டும். பிள்ளையார்குப்பம் என்றே வில்லியனூர்ப் பக்கமும் ஓர் ஊர் உண்டு. முகவரியை முழுதாகப் படிக்காமல் அடையாளம் முடிவு செய்ய முடியாது.

ஒரே பெயரில் இரண்டு மருத்துவமனைகள் இருந்து குழப்பினால் ரோகிணி எண் உதவும். ரோகிணி என்பது காப்பீட்டுத் துறையின் மருத்துவமனைப் பதிவேடு, rohini.iib.gov.in தளத்தில் இருக்கிறது. அதில் பதிந்த ஒவ்வொரு மருத்துவமனைக்கும் 13 இலக்க எண் உண்டு. மருத்துவமனையின் எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றானால் இடம் அதுவேதான். ஆனால் ரோகிணியில் பெயர் இருப்பதாலேயே நம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருப்பதாக ஆகிவிடாது.

அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் இன்னொரு பட்டியலையும் பார்க்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்கள் நான்கும் சேர்ந்து சென்னை போன்ற நகரங்களில் பிபிஎன் என்ற தனி அணியை வைத்திருக்கின்றன. ஒவ்வோர் அறுவை சிகிச்சைக்கும் முன்பே பேசி முடித்த பேக்கேஜ் கட்டணம் அதில் உண்டு. ஏஜென்ட் தளத்தின் பொதுப் பட்டியலில் இருக்கும் சென்னை மருத்துவமனை இந்த அணியில் இல்லாமல் இருக்கலாம்.

எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை, விலக்குப் பட்டியலிலும் இல்லை என்றால் இன்னும் ஒரு வழி உண்டு. 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு மன்றம் அறிவித்த ஏற்பாட்டின்படி, ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். திட்டமிட்ட சிகிச்சை என்றால் சேர்வதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். செலவு பாலிசியின்படி செல்லுபடியாக வேண்டும், மருத்துவமனையும் இசைய வேண்டும்.

பத்து நாள் கையில் இருக்கும் அந்த மகன் இன்றே நிறுவனப் பக்கத்தில் மூன்று விதமாகத் தேடி, மருத்துவமனைப் பெயர் வந்த திரையைத் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்து மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்குப் போன் செய்ய வேண்டும். ‘கேஷ்லெஸ் உண்டா’ என்று கேட்டால் உண்டு என்றுதான் பதில் வரும். நிறுவனத்தின் பெயர், டிபிஏவின் பெயர், பாலிசியின் பெயர் மூன்றையும் சொல்லி, ‘இதற்கு இந்த மாதம் கேஷ்லெஸ் நடக்கிறதா, பித்தப்பை அறுவைக்கு முன் அனுமதி அனுப்புவீர்களா’ என்று கேட்க வேண்டும். சேர்க்கைக்கு முந்தைய நாள் அதே பக்கத்தை மறுபடி திறந்து, பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்மாவின் பையைக் கட்டலாம்.