தாயின் வயதும் கருக்காலப் பரிசோதனைகளும்

முப்பத்தைந்து வயதைத் தாண்டிக் கருவுறும் பெண்களுக்கு மருத்துவர்கள் கூடுதல் பரிசோதனை சொல்வதற்கு முதன்மைக் காரணம், குழந்தைக்குக் குரோமோசோம் எண்ணிக்கை மாறிவிடும் வாய்ப்பு. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது டவுன் நோய்க்குறி. இதில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். குழந்தை இப்படிப் பிறக்கும் வாய்ப்பு, தாய்க்கு 25 வயதானால் ஏறக்குறைய 1,250இல் ஒன்று. 35இல் 350இல் ஒன்று. 40இல் 100இல் ஒன்று.

பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அவற்றின் பிரிதல் பாதியில் நின்று, முட்டை வெளிப்படும் மாதம்வரை காத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் தளர்ந்துவிடுவதால், மீண்டும் பிரியும்போது பங்கீடு பிசகுகிறது.

ஆனால் 35ஆம் பிறந்தநாளன்று உடலில் எதுவும் திடீரென மாறுவதில்லை. இந்த எல்லைக்கோடு 1970களில் பிறந்த ஒரு கணக்கு. வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பதால் கரு கலையும் ஆபத்து அப்போது 200இல் ஒன்று எனக் கருதப்பட்டது. ஏதேனும் ஒரு குரோமோசோம் குறைபாடு தென்படும் வாய்ப்பு ஏறத்தாழ அதே அளவை எட்டிய வயதே 35. தேர்ந்த கைகளில் ஊசியின் ஆபத்து இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. வயது மட்டும் நிலைத்துவிட்டது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கருக்காலப் பரிசோதனைச் சட்டம்கூட, இத்தகைய சோதனைக்கு அனுமதி தரும் காரணங்களுள் ஒன்றாகத் தாய் 35 வயதைக் கடந்திருப்பதைக் குறிப்பிடுகிறது.

முதற்கட்டச் சோதனையை எந்த வயதினரும் செய்துகொள்ளலாம். 11 முதல் 13 வாரங்களுக்குள் கருவின் பிடரியில் தேங்கும் நீரை ஸ்கேனில் அளந்து, அதனுடன் 'டபுள் மார்க்கர்' இரத்தச் சோதனையின் முடிவையும் தாயின் வயதையும் சேர்த்து வாய்ப்பைக் கணிப்பார்கள். பத்தாம் வாரத்திலிருந்தே தாயின் இரத்தத்தில் கலந்துவரும் டி.என்.ஏ. துணுக்குகளை ஆராயும் 'என்.ஐ.பி.டி.' சோதனை இதைவிடத் துல்லியமானது.

அதுவும் தீர்ப்பன்று. 35 வயதுள்ள 35,000 கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். இவர்களில் சுமார் 100 பேரின் கருவுக்கு டவுன் நோய்க்குறி இருக்கும். சோதனை நூற்றில் 99ஐக் கண்டுபிடித்து, குறையற்றவர்களில் ஆயிரத்தில் ஒருவரைத் தவறாகச் சுட்டுவதாகக் கொண்டால், 'ஆபத்து அதிகம்' என முடிவு பெறும் 134 பேரில் 35 பேருக்கு உண்மையில் எதுவும் இராது. 25 வயதினரில் அதே சோதனை, சுட்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை வீணாக அச்சுறுத்தும். வயது மெய்யாகவே பயன்படுவது இங்கேதான்.

மேலும், இச்சோதனை ஆராயும் டி.என்.ஏ. துணுக்குகள் பெரும்பாலும் நச்சுக்கொடியிலிருந்து வருபவை. கொடியில் உள்ள குறை குழந்தையிடம் இல்லாமலும் போகலாம். எனவே 15ஆம் வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைச் சோதித்து உறுதி செய்யாமல், கர்ப்பத்தைத் தொடர்வதா கலைப்பதா என்று முடிவெடுக்கக் கூடாது.