வாடகைதாரரின் முன்வாங்கல் உரிமை (பிரான்சு)

வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் விற்க முடிவெடுத்தால், அதை மற்றவர்களுக்கு முன்பாக வாங்கிக்கொள்ளக் குடியிருப்பவருக்குச் சட்டம் தரும் வாய்ப்பே முன்வாங்கல் உரிமை. பிரான்சில் இதன் அடித்தளம் 1989 ஜூலை 6-ஆம் நாள் சட்டத்தின் 15-ஆவது பிரிவு.

வீடு விற்பனைக்கு வருவதாலேயே இந்த உரிமை பிறப்பதில்லை. குடியிருப்பவரை வைத்துக்கொண்டே உரிமையாளர் வீட்டை விற்கலாம். அப்போது புதிய உரிமையாளர் பழைய வாடகை ஒப்பந்தத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். முன்வாங்கல் உரிமைக்கு அங்கே இடமில்லை. காலி வீடாக விற்பதற்காக வாடகைதாரரை வெளியேறச் சொல்லும்போதுதான் சட்டம் குறுக்கிடுகிறது. கூரையை இழக்கப்போகிறவருக்கு அதே கூரையைச் சொந்தமாக்கிக்கொள்ள ஒரு வாய்ப்பு தருவதே இதன் நோக்கம். ஒரு கட்டடம் முதன்முறையாகத் தனித்தனி அடுக்ககங்களாகப் பிரித்து விற்கப்படும்போது மட்டும் நிலைமை வேறு. வெளியேறச் சொல்லாவிட்டாலும் முதலில் குடியிருப்பவரிடம்தான் கேட்க வேண்டும் என்கிறது 1975-ஆம் ஆண்டுச் சட்டம்.

நினைத்த நேரத்தில் வெளியேறச் சொல்லவும் முடியாது. தனிநபர் ஒருவர் சாமான்கள் இல்லாத வீட்டை வாடகைக்கு விட்டால் ஒப்பந்தக் காலம் பொதுவாக 3 ஆண்டு. அது முடியும் நாளுக்குக் குறைந்தது 6 மாதம் முன்பே அறிவிப்புக் கடிதம் வாடகைதாரர் கையில் இருக்க வேண்டும். பதிவுத் தபால் என்றால், அனுப்பிய நாள் கணக்கில் வராது. பெற்றுக்கொண்ட நாள்தான் கணக்கு. வாடகைதாரர் தபாலை வாங்காமலே விட்டால் கெடு தொடங்காது. காலம் நெருக்கடியாக இருக்கும்போது உரிமையாளர்கள் செலவைப் பாராமல் நீதிமன்ற அமீனா போன்ற அலுவலர் மூலம் அறிவிப்பைச் சேர்ப்பது இதனால்தான். கடிதத்தில் விலையும் விற்பனை நிபந்தனைகளும் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் அறிவிப்பே செல்லாது. அவை இருந்துவிட்டால் அந்தக் கடிதமே சட்டப்படி ஒரு விற்பனை முன்மொழிவாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, 2023 அக்டோபர் 1-இல் தொடங்கிய ஒப்பந்தம் 2026 செப்டம்பர் 30-இல் முடிகிறது என்று கொள்வோம். 2026 மார்ச் இறுதியில் 3,00,000 யூரோ விலை குறித்த கடிதம் வாடகைதாரருக்குக் கிடைக்கிறது. முதல் 2 மாதங்கள், அதாவது மே இறுதிவரை, யோசிக்க அவருக்கு அவகாசம் உண்டு. வாங்குவதாக எழுதினால், பதில் அனுப்பிய நாளிலிருந்து 2 மாதத்துக்குள் பத்திரம் முடிய வேண்டும். வங்கிக் கடன் வாங்கப்போவதாகப் பதிலிலேயே குறிப்பிட்டால் அந்தக் கெடு 4 மாதமாகும். யோசிக்க இரண்டு, கடனுக்கு நான்கு எனக் கூட்டினால், அறிவிப்புக்கான அதே 6 மாதம். கெடு ஒப்பந்த முடிவைத் தாண்டினால், அதுவரை வாடகை ஒப்பந்தமும் நீளும். ஆனால் கெடுவுக்குள் விற்பனை முடியாவிட்டால் வாடகைதாரரின் ஒப்புதல் வீணாகிவிடும். வீட்டில் தங்கும் உரிமையும் போய்விடும். கடன் வாங்குவதைப் பதிலில் எழுத மறப்பது, பார்க்கச் சின்னதாக இருந்தாலும், வீட்டையே இழக்கச் செய்யும் தவறு.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் அடுத்த படியில் இருக்கிறது. வாடகைதாரர் வேண்டாம் என்கிறார்; அல்லது பதிலே தரவில்லை. பிறகு உரிமையாளர் வெளியாள் ஒருவருக்கு 2,70,000 யூரோவுக்குக் கொடுக்க ஒப்புக்கொள்கிறார். முன்பு சொன்னதைவிட விலை குறைந்ததால், அந்தப் புதிய விலையை முதலில் வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் தெரிவிக்காவிட்டால், விற்பனைப் பத்திரத்தை எழுதும் சட்ட அலுவலரான நொத்தேர் தெரிவித்தாக வேண்டும். வாடகைதாரருக்கு இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். இதைச் செய்யாமல் வெளியாளுக்கு விற்றால் அந்த விற்பனையே செல்லாததாகும். முதலில் பெரிய விலை சொல்லி மிரட்டிவிட்டு, பிறகு வேறொருவருக்கு மலிவாகக் கொடுக்கும் தந்திரத்துக்கு இதுதான் பூட்டு.

விற்கும் எண்ணமே இல்லாமல் ஆளை வெளியேற்ற மட்டும் அறிவிப்பு கொடுப்பவர்களும் உண்டு. மோசடி உறுதியானால் தனிநபருக்கு 6,000 யூரோ, நிறுவனத்துக்கு 30,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம் என்று 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. சந்தை நிலவரத்துக்குச் சற்றும் பொருந்தாத விலையை வேண்டுமென்றே சொன்னதாகக் காட்ட முடிந்தால், நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்யலாம். அதற்கு, அதே தெருவில் அண்மையில் கைமாறிய ஒத்த வீடுகளின் விலையைத் திரட்டி வைப்பது வாடகைதாரருக்குக் கைகொடுக்கும்.

எல்லைகளும் உண்டு. கட்டில், அடுப்பு முதலிய சாமான்களோடு வாடகைக்கு விடப்படும் வீட்டுக்கு இந்த உரிமை கிடையாது. அறிவிப்புக் காலமும் 3 மாதம்தான். மூன்றாம் படி வரையிலான உறவினருக்கு விற்கும்போதும், வாங்கும் உறவினர் அதன்பின் குறைந்தது 2 ஆண்டு அங்கே குடியிருப்பதானால், வாடகைதாரரைக் கேட்க வேண்டியதில்லை.

அறிவிப்பு வந்ததுமே வேறு வீடு பார்த்துப் போய்விடுகிறவர்கள் பலர். விலை குறைப்பு பற்றிய இரண்டாம் கடிதம், போகும்போது அவர்கள் உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுப் போன முகவரிக்குத்தான் செல்லும். முகவரி கொடுக்காவிட்டால், அந்தப் பழைய வீட்டு முகவரிக்கே அனுப்பப்படும். அவர்கள் அதைப் பாராமலே அந்த ஒரு மாதம் கழிந்துவிடலாம்.