விமர்சனக் கல்வியியல்: உரையாடலும் பாடநூலும்

விமர்சனக் கல்வியியல் என்பது, எதைப் படிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், அதனால் யாருக்குப் பயன் என்ற கேள்வியை வகுப்பறைக்குள்ளேயே எழுப்பும் கல்விச் சிந்தனை. கல்விச் சமூகவியலில் இதற்கு இரண்டு வேர்கள் உண்டு. கற்பிப்பவரும் கற்பவரும் சேர்ந்து உலகை ஆராயும் உரையாடல் ஒன்று. பாடநூலை முடிந்த முடிவாகக் கொள்ளாமல் விசாரிப்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் முதலாவது, முதியோர் எழுத்தறிவு வகுப்புகளில் ஓரளவு வேர்பிடித்தது. இரண்டாவது பள்ளிக்குள் நுழையவே இன்றும் சிரமப்படுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதன் மேற்கே உள்ள கல்வராயன் மலையையும் முன்னிறுத்தினால் இந்த வேறுபாட்டின் காரணம் தெளிவாகும்.

உரையாடல் முறைக்கு வடிவம் தந்தவர் பிரேசில் நாட்டின் பாவ்லோ ஃபிரையரே (1921–1997). 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் முயற்சியை அவர் நடத்தினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அப்போது அந்நாட்டில் வாக்குரிமை கிடையாது. எனவே எழுத்தறிவு நேரடியாகவே அரசியல் விஷயமாக இருந்தது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் சிறை வைக்கப்பட்டார், பின்னர் நாட்டை விட்டு வெளியேறினார். ‘ஒடுக்கப்பட்டோரின் கல்வியியல்’ என்ற அவரது நூல் 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆசிரியர் பணம் போடுபவராகவும் மாணவர் பணம் வாங்கி வைக்கும் கணக்காகவும் இருக்கும் கல்வியை அவர் வங்கி முறைக் கல்வி என்றார்.

அவருடைய செய்முறையை ‘மாணவர்களைப் பேசவிடுவது’ என்று சுருக்கிவிடுபவர்கள் உண்டு. அது தவறு. கற்பிப்போர் முதலில் ஊருக்குள் போய் மக்களின் பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து பதினைந்து, இருபது சொற்களைத் தேர்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் மக்கள் வாழ்வில் கனமுள்ளதாக இருக்க வேண்டும். மொழியின் ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அறிமுகப்படுத்தவும் உதவ வேண்டும். பிறகு அந்தச் சொல் குறிக்கும் நிலைமையைப் படமாக வரைந்து காட்டி விவாதிக்கிறார்கள். எழுத்து வருவது அதற்குப் பிறகுதான். சொல்லை அசைகளாகப் பிரித்து, அந்த அசைகளைக் கொண்டு கற்பவரே புதுச் சொற்களை ஆக்குகிறார். இந்த வரிசையில் விவாதம் விடுபட்டால் மிஞ்சுவது வெறும் எழுத்துப் பயிற்சி.

தமிழ்நாட்டில் இந்த முறையைப் பெரிய அளவில் முயன்றது அறிவொளி இயக்கம். 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் நிதியும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களும் அதில் இணைந்தனர். 1991இல் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது இந்த இயக்கத்தின் பரவலாக அறியப்பட்ட பக்கம். அறியப்படாத பக்கம் அதன் முதல் பாடநூல். அரிச்சுவடிபோல ‘அ, ஆ’ என்று தொடங்காமல், அது ‘பட்டா’ என்று தொடங்கியது.

இந்தத் தேர்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பேனாவைப் பிடித்துப் பழகாத கைக்கு ‘அ’வின் சுழியும் வளைவும் கடினம். ப, ட இரண்டும் நேர்க்கோடுகளால் ஆனவை. ஒரே சொல்லில் புள்ளியும் காலும் பழகிவிடுகின்றன. கூடவே ‘ம’ கற்றுவிட்டால் படம், பாடம், பட்டம், மடம், மட்டம் என்று கற்பவரே எழுதலாம். பட்டா வெறும் எழுத்து வசதிக்காக வந்த சொல்லும் அல்ல. கூலிக்கு வயலில் இறங்கும் பெண்ணிடம் அந்தச் சொல்லைக் காட்டினால், யார் பெயரில் பட்டா இருக்கிறது, நம் பெயரில் ஏன் இல்லை என்ற பேச்சு எழாமல் போகாது.

கல்வராயன் மலையில் இதே சொல்லின் கனம் இன்னும் அதிகம். அங்கே வாழும் மலையாளி பழங்குடியினரின் ஊர்கள் நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தன. அரசு அவற்றை நேரடியாக ஏற்றது 1976இல். மலைக்கு அப்போதுதான் சுதந்திரம் வந்தது என்று அங்கே சொல்வதுண்டு. நாட்டு வரலாற்றுப் பாடம் 1947ஐக் காட்டுகிறது. இந்த மலையின் ஆண்டு வேறு. இரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிவிட்டு, இடைப்பட்ட 29 ஆண்டுகளில் நிலம் யாருடையதாக இருந்தது, வரி யாருக்குப் போனது என்று கேட்டாலே பாடநூல் விசாரணை தொடங்கிவிடுகிறது.

அப்படி ஒரு வகுப்பைக் கற்பனை செய்து பார்க்கலாம். வெள்ளிமலைப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியின் எட்டாம் வகுப்பு. பழங்குடியினர் காட்டை நம்பி எளிமையாக வாழ்கிறார்கள் என்ற தொனியில் ஒரு பாடம். ஆசிரியர் அதைப் படித்துக்காட்டிவிட்டு, இது நம் ஊரா என்று கேட்கிறார். சாமையும் தினையும் விளைவித்த காட்டில் இப்போது மரவள்ளி, கிழங்கு போவது கீழே சவ்வரிசி ஆலைக்கு, விலை சொல்வது வியாபாரி, கடுக்காய் பொறுக்கினால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டும், அப்பா வேலைக்காக வெளியூர் போயிருக்கிறார் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல, ஆசிரியர் எழுதுகிறார். அடுத்த கேள்விதான் முக்கியம்: பாடத்தில் இவற்றில் எது இல்லை, யார் இல்லை? வியாபாரியும் வனத்துறையும் ஆலையும் இல்லை. ‘எளிமை’ என்று பாடம் சொன்னது பல உறவுகளால் உண்டான வறுமை என்பது அப்போது தெரியவரும். அதற்குப் பிறகு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எடுத்து வாசிக்கலாம். பாடநூலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதையும் ஒரு தரப்பின் கூற்றாக வைத்துக்கொண்டால் போதும்.

பாடமே ஒரு கிளர்ச்சிக்கு வழிவிட்ட சான்று பக்கத்து ஆந்திரத்தில் உண்டு. நெல்லூர் மாவட்ட எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூலில் குடிகாரக் கணவனால் துன்பப்படும் சீதம்மாவின் கதை இருந்தது. அதைப் பேசிய தூபகுண்டா ஊர்ப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டனர். போராட்டம் பரவி, 1993இல் அம்மாநிலத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, மது தீமையானது என்று ஒப்பிக்கும் பாடம் போதாது. காய்ச்சுவதும் கடத்துவதும் விற்பதும் யாருடைய லாபத்துக்கு, காவலர் கண்ணில் ஏன் படவில்லை என்பவை அந்த மாவட்டத்து மாணவர் கேட்க வேண்டிய சமூகவியல் கேள்விகள்.

பள்ளி இதை ஏன் செய்வதில்லை என்பதற்குக் கல்வியாளர் கிருஷ்ண குமார் தந்த விளக்கம் இன்றும் வலுவானது. 1988இல் எழுதிய கட்டுரையில் அவர், இந்தியாவின் ‘பாடநூல் பண்பாடு’ காலனியக் காலத்தில் உருவானது என்றார். அரசு பாடநூலை விதித்தது. முகம் தெரியாதவர் திருத்தும் தேர்வு அதை உறுதிசெய்தது. குறைந்த சம்பளமும் குறைந்த அதிகாரமும் கொண்ட ஆசிரியருக்கு அதிலிருந்து விலக இடமில்லை. அவர் தலைமையில் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 2005ஆம் ஆண்டுக் கலைத்திட்டம், பள்ளி அறிவை வெளியுலகோடு இணைக்கச் சொன்னது. ஆயினும் பத்தாம் வகுப்பு மாணவருக்குக் கிடைப்பது ‘புக் பேக்’ கேள்விகளும் ஸ்லிப் டெஸ்டும். மரவள்ளி வியாபாரியைப் பற்றி எழுதினால் மதிப்பெண் இல்லை.

உரையாடல் முறைக்கே சொந்தமான குறைகளும் உண்டு. அறிவொளி இயக்கத்தை ஆராய்ந்த மானுடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி, கையெழுத்து எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தது என்று காட்டுகிறார். கைநாட்டு போடுவது இழுக்கு, கையெழுத்திட்டு மனு கொடுப்பதே குடிமகன் ஆவது என்ற எண்ணம் வலுத்தது. எண்ணிக்கை இலக்கு வந்ததும் விவாதம் சுருங்கிப் பெயர் எழுதும் பயிற்சி பெருகுவது இயல்பு. வகுப்பில் இதை அடையாளம் காண ஒரு வழி: ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு அவருக்கு ஏற்கெனவே விடை தெரியுமா என்று கவனிக்க வேண்டும். தெரியும் என்றால் அது வினா-விடை, உரையாடல் அல்ல. மலைப்பள்ளியில் இன்னொரு தடையும் உண்டு. ஆசிரியர் கீழ்நாட்டிலிருந்து வருபவர், அரசு ஊழியர். பிள்ளைகள் அவரிடம் வனத்துறையையும் சாராயத்தையும் பற்றி மனந்திறந்து பேச நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை வளர ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டால், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.